அப்பாவுக்கு 42ல ஹார்ட் அட்டேக், ஆனா கொப்பியில கொலஸ்ட்ரோல் நோர்மல்னு இருக்கு. எனக்கு 26, டெஸ்ட் பண்ணணுமா?

கூதல்காத்து · மார்ச் 9, இரவு 10.42

எல்லாருக்கும் வணக்கம். நான் ஹட்டன் பக்கம், டவுன்ல போன் ரிப்பேர் கடையில வேல செய்றேன், வீடு இன்னும் தோட்டத்து லயத்துல தான். கேக்குறது சின்ன கேள்வி, ஆனா கதைய சொல்லாம கேட்டா யாருக்கும் புரியாது, அதனால கொஞ்சம் நீளமா வரும், மன்னிச்சுக்கோங்க.

எங்கப்பா கவ்வாத்து வெட்டுற ஆளு. ஒல்லின்னா அப்பிடி ஒரு ஒல்லி, தொப்பைன்னு ஒண்ணு கெடையவே கெடையாது. 2011ல, அவருக்கு 42 வயசு, மலையில வேலை செய்யுறப்ப நெஞ்சு அடைக்குதுன்னு உக்காந்தாரு. எல்லாரும் கேஸ்னு தான் சொன்னாங்க, வெள்ளப்பூட தட்டி குடுத்து வீட்டுல படுக்க வச்சு, மத்தியானத்துக்கு மேல ஒடம்பெல்லாம் வேர்த்து கொட்டுன பிறகு தான் தோட்டத்து லொறியில ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனாங்க. அப்ப பொழச்சிட்டாரு. 2013ல மறுபடி வந்துச்சு, அந்த தடவ ஆஸ்பத்திரி வாசலுக்கே போய் சேரல. எனக்கு அப்ப 14.

போன வாரம் மழைக்கு தகரம் ஒழுகி பழைய டிரங்கு பெட்டிய நகத்துனப்ப அப்பாவோட கிளினிக் கொப்பி கெடச்சிச்சு. அதுல கொலஸ்ட்ரோல் 188னு எழுதி பக்கத்துல ஒரு சரி அடையாளம். 200க்கு கீழ இருந்தா நல்லதுன்னு தானே சொல்றாங்க? அப்ப அப்பாவுக்கு கொழுப்பு பிரச்சினை இல்ல, வேற என்னமோ. அப்பிடின்னா நான் காசு செலவழிச்சு கொலஸ்ட்ரோல் பாக்குறதுல அர்த்தம் இருக்கா? நானும் ஒல்லி தான், ஞாயித்துக்கெழமை கிரிக்கெட் வெளையாடுறேன், சிகரெட் இல்ல. அப்பா ஒரு நாளைக்கு நாலஞ்சு பீடி குடிப்பாரு, அதையும் சொல்லிடுறேன்.

சாமிமலைக்காரன் · மார்ச் 9, இரவு 11.15

தம்பி சும்மா பயப்படாத. பீடி தான் காரணம், அதுல சந்தேகமே இல்ல. 26 வயசுல, அதுவும் ஒல்லியான ஆளுக்கு, என்ன கொழுப்பு வந்து தொலையப் போகுது. கிளினிக்ல செவுத்துல, அட்டேக் வர்ற வாய்ப்ப கணக்கு பாக்க ஒட்டியிருக்குற கலர் கட்டம் போட்ட சார்ட்ட பாத்திருக்கியா, அதுல 40 வயசுக்கு கீழ கட்டமே கெடையாது. தேவையில்லன்னு தானே போடாம விட்டிருக்காங்க. காச மிச்சம் புடி.

நானுஓயா அக்கா · மார்ச் 10, காலை 6.20

தம்பி எனக்கும் இப்பிடி தான், பிரஷர் 160க்கு போய் தல சுத்தி கோயில் படியில விழுந்துட்டேன். உப்ப கொறைங்க, கருவாடு சாப்பிடாதீங்க. நான் கருவாட்ட நிப்பாட்டி மூணு மாசத்துல 130க்கு வந்துட்டேன். நீங்களும் செஞ்சு பாருங்க.

கூதல்காத்து · மார்ச் 10, காலை 7.05

அக்கா நன்றி, ஆனா இது பிரஷர் இல்ல, கொலஸ்ட்ரோல். பிரஷர் எனக்கு 118ன்னு கடைக்கு பக்கத்து பாமசியில பாத்தாங்க.

செகப்புமூடி · மார்ச் 10, மாலை 5.48

நான் கண்டியில லெப்ல வேல செய்றேன், இரத்தம் எடுத்து மெஷின்ல போடுற ஆளு, டொக்டர் இல்ல. கூதல், ஒரே ஒரு கேள்வி. அந்த 188 எந்த திகதியில எடுத்தது? வார்டுல அட்மிட் ஆன அன்னைக்கா, இல்ல பிறகு கிளினிக்லயா? அதே பக்கத்துல, இல்ல அதுக்கு முந்துன பக்கத்துல, மாத்திரை பேரு ஏதாவது எழுதியிருக்கா? அட்டோவா, சிம்வா, ரோசுவான்னு தொடங்குற மாதிரி. அத பாத்துட்டு வாங்க, பிறகு பேசலாம். அந்த நம்பருக்கு தனியா அர்த்தமே இல்ல.

கூதல்காத்து · மார்ச் 10, இரவு 9.30

பாத்தேன் அண்ணே. அட்டேக் வந்தது ஜூன் 7. 188 எழுதியிருக்குறது ஜூலை 26. முந்துன பக்கத்துல, எழுத்து கிறுக்கலா இருந்தாலும் வாசிக்க முடியுது, அட்டோவாஸ்டட்டின் 40, இரவுக்கு ஒண்ணு. அஸ்பிரினும் இன்னும் ரெண்டும் இருக்கு.

செகப்புமூடி · மார்ச் 10, இரவு 10.11

அது தான் நெனச்சேன். தம்பி, அது உங்கப்பாவோட கொழுப்பு இல்ல. அது மாத்திரை குடிச்ச அப்பாவோட கொழுப்பு.

அட்டோவாஸ்டட்டின் 40ஐ ஒழுங்கா குடிச்சா கெட்ட கொழுப்பு, அதாவது எல்டிஎல், கிட்டத்தட்ட பாதியா கொறையும். அந்த வேலைய முழுசா செஞ்சு முடிக்க ஒரு மாசம், ஒண்ணரை மாசம் போதும். ஜூன் 7க்கும் ஜூலை 26க்கும் நடுவுல சரியா ஏழு வாரம். அதாவது மருந்து நல்லா வேல செஞ்சிருக்குன்னு பாத்து தான் அந்த சரி அடையாளத்த போட்டிருப்பாங்க. மொத்த கொழுப்பு மாத்திரையோட 188ன்னா மாத்திரை இல்லாம எவ்வளவு இருந்திருக்கும்னு நீங்களே யோசிங்க. 300க்கு மேல இருந்திருந்தா கூட நான் ஆச்சரியப்பட மாட்டேன், ஆனா அத இப்ப யாராலயும் அடிச்சு சொல்ல முடியாது.

பிறகு என்ன நடந்துச்சு? தொடர்ந்து குடிச்சாரா?

கூதல்காத்து · மார்ச் 11, அதிகாலை 12.20

அம்மாவ எழுப்பி கேட்டேன். அம்மா சொன்னத அப்பிடியே போடுறேன். "நோர்மல்னு சொல்லிட்டாங்கன்னு சந்தோஷமா வந்தாரு. ஒவ்வொரு மாசமும் கிளினிக்குக்கு போனா அன்னைக்கு பேர் இல்ல, கூலி போச்சு, பஸ்ஸுக்கும் காசு, நோர்மலுக்கு பிறகு எதுக்குன்னு விட்டுட்டாரு. மருந்து முடிஞ்ச பிறகு வாங்கவே இல்ல."

தூக்கம் வரல.

கொட்டகலை டீச்சர் · மார்ச் 11, காலை 8.15

வாசிச்சிட்டு மனசு கனத்துப் போச்சு தம்பி. எங்க ஸ்கூல்லயும் பெற்றோர் இதே வார்த்தைய தான் சொல்லுவாங்க, "நோர்மலாயிட்டு, மருந்த நிப்பாட்டிட்டோம்"னு. சீனிக்கும் அதே, பிரஷருக்கும் அதே. நானே தைரோய்ட் மாத்திரைய அப்பிடி ஒருக்கா நிப்பாட்டிட்டு பட்டுட்டு தான் வந்தேன்.

மாத்தயோசி · மார்ச் 11, காலை 9.02

செகப்புமூடி சொல்றதுல ஒண்ணு விட்டுப்போச்சு. ஹார்ட் அட்டேக் வந்த ஓரிரு நாள்லயே கொலஸ்ட்ரோல் தானா எறங்கிடும், அதனால ஆஸ்பத்திரியில பாக்குற ரிப்போர்ட் எதையுமே நம்ப முடியாது.

செகப்புமூடி · மார்ச் 11, மதியம் 1.30

அதுவும் உண்மை தான், முதல் நாளுக்குள்ள எடுக்கணும்னு சொல்றது அதுக்காகத்தான். ஆனா அந்த எறக்கம் கொஞ்சம் தான், சில வாரத்துல திரும்பி ஏறிடும். "எதையுமே நம்ப முடியாது"ன்னு சொல்றது ரொம்ப தூரம். ஏழாவது வாரத்து 188க்கு அது காரணம் இல்ல, மாத்திரை தான்.

சாமிமலைக்காரன் அண்ணே, அந்த சார்ட் பத்தி. 40க்கு கீழ கட்டம் இல்லாதது தேவையில்லன்னு அர்த்தம் இல்ல, அந்த வயசுக்காரங்கள அத வச்சு கணக்கு பாக்க முடியாதுன்னு அர்த்தம். அதுவும் பொறக்குறப்பவே கொழுப்பு கூடுதலா வர்ற குடும்பங்களுக்கு அந்த சார்ட் எந்த வயசுலயும் பொருந்தாது. அப்பாவுக்கு, அண்ணன் தம்பிக்கு 55க்கு முந்தி அட்டேக் வந்திருந்தா பிள்ளைங்க ஒருக்கா பாத்துடணும். ஒல்லியும் கிரிக்கெட்டும் இதுல கணக்குக்கு வராது. பீடி நெருப்புல எண்ணெய ஊத்தியிருக்கும், இல்லன்னு சொல்லல.

கூதல், லிப்பிட் புரொஃபைல்னு கேட்டு எடுங்க, விரல்ல குத்தி பாக்குறது வேணாம். ராத்திரி சாப்பாட்டுக்கு பிறகு 12 மணித்தியாலம் தண்ணி மட்டும்.

கூதல்காத்து · மார்ச் 15, மாலை 6.40

எடுத்தாச்சு. எடுத்த கதைய சொன்னா சிரிப்பீங்க. ராத்திரி ஏழு மணிக்கு ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டேன், அதுக்கு பிறகு பச்சத்தண்ணி தான். காலையில எந்திரிச்சு மொகம் கழுவிட்டு வந்தா அம்மா கையில பிளேன்டீ. கைப்பழக்கம், ரெண்டு மடக்கு குடிச்ச பிறகு தான் ஞாபகம் வந்துச்சு. ரெண்டு கரண்டி சீனி. அம்மாவுக்கு அழுகையே வந்துருச்சு. லெப்ல உள்ள தங்கச்சிகிட்ட உண்மைய சொன்னேன், பரவாயில்ல வாங்கன்னு எடுத்துட்டாங்க.

மொத்தம் 352. எச்டிஎல் 46. ட்ரைகிளிசரைட் 110. எல்டிஎல் 284. பேப்பர்ல 284க்கு பக்கத்துல ஒரு நட்சத்திரம் போட்டிருக்கு. கவுண்டர்ல நின்னு மூணு தடவ வாசிச்சேன். டீ குடிச்சதால தானே இப்பிடி ஏறியிருக்கு? திரும்ப எடுக்கவா?

மாத்தயோசி · மார்ச் 15, இரவு 7.10

டீ குடிச்சா எல்லாமே பிழை. ஃபாஸ்டிங் ஒடஞ்சிருச்சு, ரிப்போர்ட்ட கிழிச்சு போடுங்க. திரும்ப எடுங்க, பாதியா வரும் பாருங்க.

செகப்புமூடி · மார்ச் 15, இரவு 8.25

கிழிக்காதீங்க! மாத்தயோசி, சாப்பாடும் சீனியும் போட்டு ஆட்டுறது ட்ரைகிளிசரைட்ட தான். எல்டிஎல்ல நாங்க பெரும்பாலும் நேரா அளக்குறதில்ல, மத்த மூணையும் வச்சு கழிச்சு எடுக்குறது. பேப்பர்ல உள்ளத போட்டு பாருங்க:

```
LDL = TC - HDL - TG/5
    = 352 - 46 - 110/5
    = 352 - 46 - 22
    = 284
```

டீயால ட்ரைகிளிசரைட் ஏறியிருந்தா கழிக்கிற தொகை தான் கூடும், அப்ப எல்டிஎல் கொறைஞ்சு தான் காட்டும், கூடி காட்டாது. அதோட 110ங்குறது நல்ல நம்பர், டீ ஒண்ணும் செய்யல. ட்ரைகிளிசரைட் 400 தாண்டினா இந்த கணக்கு ஒடஞ்சிடும், இங்க அந்த பிரச்சினை இல்ல.

பெரியவங்களுக்கு எல்டிஎல் 190க்கு மேல, அதோட அப்பாவுக்கு 42ல அட்டேக். இது பரம்பரையா வர்ற வகையா இருக்கலாம்னு எந்த டொக்டருக்கும் முதல்ல தோணும். ஈரல்ல இரத்தத்துல உள்ள கொழுப்ப புடிச்சு இழுக்குற கொக்கி மாதிரி ஒண்ணு இருக்கு, இந்த வகைக்காரங்களுக்கு அதுல பாதி பொறப்புலயே சரியா வேல செய்யாது. ஆனா அதுக்கு முந்தி தைரோய்ட் கொறைவு, கிட்னியால புரதம் போறது, ஈரல் பிரச்சினை, இதெல்லாம் இல்லன்னு பாக்கணும், அதுங்களும் கொழுப்ப தூக்கிவிடும். கிளினிக்குக்கு போறப்ப அப்பாவோட கொப்பியையும் கொண்டு போங்க. அந்த முந்துன பக்கம் தான் முக்கியம்.

சாமிமலைக்காரன் · மார்ச் 15, இரவு 9.00

284ஆ. தம்பி நான் சொன்னத விட்டுடு. நானும் என் மகனுக்கு எடுக்குறேன்.

மலையோரம் · மார்ச் 16, காலை 7.45

தேங்காய நிப்பாட்டு தம்பி, எல்லாம் சரியாயிடும். சம்பல், பால்சொதி, தேங்கா ரொட்டி, இது தானே நம்ம ஆளுங்க மூணு வேளையும் திங்குறது. இல்ல இல்ல, தேங்கா எண்ணெய் நல்லதுன்னு இப்ப சொல்றாங்கன்னு யாராவது வருவீங்க, வாங்க சண்ட புடிப்போம்.

செகப்புமூடி · மார்ச் 16, மதியம் 12.50

சண்டைக்கு நான் வரல, தேங்கா எண்ணெய் எல்டிஎல்ல ஏத்தும், அதுல நான் உங்க பக்கம். ஆனா அளவ பாருங்க. சாப்பாட்ட ரொம்ப இறுக்கமா மாத்துனா பத்துல ஒரு பங்கு, கூடிப்போனா கொஞ்சம் மேல கொறையும். 284ல பத்துல ஒரு பங்கு 28. மிச்சம் 256 நிக்குமே, அத என்ன செய்றது? பால்சொதியால வந்த நோய் இல்ல இது.

கூதல்காத்து · ஏப்ரல் 2, இரவு 10.05

கிளினிக்ல காலையில அஞ்சரைக்கு நம்பர் எடுத்து பதினொன்னரைக்கு உள்ள போனேன். டொக்டர் அம்மா அப்பாவோட கொப்பிய ரெண்டு பக்கம் திருப்புனாங்க, பேசாம என்ன செருப்ப கழட்ட சொன்னாங்க. குதிங்காலுக்கு மேல பின்பக்கமா ஒரு கயிறு மாதிரி ஓடுதுல்ல, அத ரெண்டு விரலால புடிச்சுக்கிட்டு பாதத்த மேல கீழ ஆட்ட சொன்னாங்க. பிறகு கைமுட்டிய மடக்க சொல்லி பாத்தாங்க. என்னோடது லேசா தடிப்பு மாதிரி, நிச்சயமா சொல்ல முடியாதுன்னாங்க. தடிப்பு இல்லாட்டியும் நோய் இல்லன்னு ஆகாதாம்.

"அப்பாவுக்கு இங்க கட்டி இருந்துச்சா?"ன்னு கேட்டாங்க. தெரியாதுன்னேன். வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட கேட்டா அம்மா யோசிக்கவே இல்ல. "ரெண்டு கால்லயும் கொட்டப்பாக்கு மாதிரி இருக்கும், செருப்பு வார் பட்டு காய்ச்சிருக்குன்னு நெனச்சோம், தேங்கா எண்ணெய் தடவி விடுவேன்"ன்னாங்க.

தைரோய்ட், சீனி, ஈரல், சிறுநீர் எல்லாம் பாத்தாச்சு, சரியா இருக்கு. அட்டோவாஸ்டட்டின் 40 குடுத்திருக்காங்க, ஆஸ்பத்திரியில சும்மாவே குடுக்குறாங்க. மூணு மாசத்துல திரும்ப லிப்பிட். தசை ரொம்ப வலிச்சாலோ மூத்திரம் கோப்பி கலர்ல போனாலோ ஒடனே வர சொன்னாங்க.

மாத்தயோசி · ஏப்ரல் 3, காலை 8.30

26 வயசுல தொடங்கினா சாகுற வரைக்கும் குடிக்கணும், ஈரல் போயிடும். யோசிச்சு செய்ங்க.

கொட்டகலை டீச்சர் · ஏப்ரல் 3, காலை 8.55

அவங்கப்பா நிப்பாட்டுனத வாசிச்ச பிறகுமா இப்பிடி எழுதுறீங்க?

செகப்புமூடி · ஏப்ரல் 3, மாலை 6.15

ஈரலுக்கு பெரிய சேதம் வர்றது ரொம்ப அபூர்வம், அதுக்குத்தான் தொடங்க முந்தியே பாத்திருக்காங்க. தசை வலி சிலருக்கு வரும், அப்ப அளவ கொறைக்கலாம், வேற மாத்திரைக்கு மாத்தலாம். தானா நிப்பாட்டாம போய் சொல்லணும், அவ்வளவு தான். காலம் முழுக்க குடிக்கணுமாங்குறதுக்கு, ஆமா, அனேகமா காலம் முழுக்க தான்.

கூதல்காத்து · ஜூலை 8, இரவு 9.20

மூணு மாச ரிப்போர்ட் வந்துருச்சு. மொத்தம் 206, எச்டிஎல் 47, ட்ரைகிளிசரைட் 90, எல்டிஎல் 141. சரியா பாதி.

பேப்பர கையில வச்சிருந்தப்ப ஒரு மாதிரி இருந்துச்சு. 206, 188, கிட்டத்தட்ட ஒண்ணு தானே. அப்பா இதே மாதிரி ஒரு பேப்பர புடிச்சுக்கிட்டு சந்தோஷமா பஸ் ஏறியிருப்பாரு. கடையில உள்ள பையன் எட்டிப்பாத்துட்டு "அட சரியாயிட்டே அண்ணே, இனி எதுக்கு மாத்திரை"ன்னான். நான் ஒண்ணும் சொல்லல.

டொக்டர் அம்மாவுக்கு 141 போதாது, 100க்கு கீழயாவது வரணும்னாங்க. அப்ப 40அ 80 ஆக்குங்கன்னு கேட்டேன், டபுளாக்கினா இன்னும் ஒரு ஆறு வீதம் தான் கொறையும், அதுக்கு பதிலா எசெட்டிமைப் 10 சேத்தா அஞ்சுல ஒரு பங்கு கொறையலாம்னு சொன்னாங்க. அது கொடல்ல கொழுப்ப உறிஞ்சுறத தடுக்குதாம். அது ஆஸ்பத்திரியில இல்ல, வெளிய வாங்கணும். வாங்குவோம்.

இப்ப பெரிய பிரச்சினை தங்கச்சி. 22 வயசு, மாப்பிள்ள பாத்துக்கிட்டு இருக்காங்க. எனக்கு இருந்தா அவளுக்கும் பாதிக்கு பாதி வாய்ப்பாம். அம்மா ஒத்துக்க மாட்டேங்குறாங்க, "கல்யாணம் முடியட்டும், இப்ப பாத்து நோய்னு பேர் வந்தா எவன் வருவான்". தங்கச்சிக்கு பாக்கணும்னு ஆசை, அம்மாவுக்கு பயந்து பேசாம இருக்கா.

மலையோரம் · ஜூலை 8, இரவு 10.00

அம்மா சொல்றதும் நியாயம் தானே. நம்ம சனத்துல வாய் சும்மா இருக்குமா. ஒரு வருஷம் பொறுத்தா என்ன குடி முழுகிடும்?

கொட்டகலை டீச்சர் · ஜூலை 9, காலை 7.30

பொறுக்கவே கூடாது. கல்யாணம் முடிஞ்ச ஒடனே பிள்ள உண்டாகும். அந்த நேரம் இந்த மாத்திரைய பொதுவா குடுக்க மாட்டாங்க, பிள்ளைக்கு யோசிக்க முந்தியே டொக்டர்கிட்ட பேசணும். இருக்குன்னு தெரிஞ்சா தானே பேசலாம்? ரிப்போர்ட்ட ஊருக்கு வாசிச்சு காட்டணும்னு சட்டமா இருக்கு?

மலையோரம் · ஜூலை 9, காலை 8.10

மாப்பிள்ள வீட்டுக்கு மறைக்க சொல்றீங்களா டீச்சர்? நாளைக்கு தெரிய வந்தா அந்த பொண்ணு தான் பேச்சு வாங்கும்.

கொட்டகலை டீச்சர் · ஜூலை 9, காலை 8.40

மறைக்க சொல்லல. பாக்குறது வேற, யாருக்கு எப்ப சொல்றதுங்குறது வேற. ரெண்டாவதுக்கு எங்கிட்டயும் பதில் இல்ல.

செகப்புமூடி · ஜூலை 9, இரவு 7.55

கல்யாண விஷயத்துல நான் வாய தொறக்கல. அப்பாவோட கூடப்பொறந்தவங்க யாராவது இருக்காங்களா?

கூதல்காத்து · ஜூலை 10, இரவு 9.45

சித்தப்பா ஒருத்தர், 46 வயசு, பொகவந்தலாவையில லொறி ஓட்டுறாரு. நேத்து வீட்டுக்கு வந்திருந்தாரு, இஸ்தோப்புல கால நீட்டி உக்காந்திருந்தப்ப டொக்டர் அம்மா புடிச்ச மாதிரி நானும் புடிச்சு பாத்தேன். "என்னடா செய்ற, கால தொட்டு கும்புடுறியா"ன்னு சிரிச்சாரு. ரெண்டு குதிங்காலுக்கு மேலயும் கல்லு மாதிரி. பாதத்த ஆட்ட சொன்னா அந்த கட்டியும் நரம்போடயே ஏறி எறங்குது. அம்மா அடுப்படியில இருந்து எட்டி பாத்தாங்க, பாத்துட்டு உள்ள போயிட்டாங்க.

அன்னைக்கு ராத்திரி சோறு போடுறப்ப அம்மா தானா சொன்னாங்க, தங்கச்சியையும் கூட்டிட்டு போன்னு. மாப்பிள்ள வீட்டுக்கு சொல்றதா இல்லையான்னு இன்னும் முடிவாகல, அந்த பேச்ச எடுத்தாலே வாய மூடுறாங்க. சித்தப்பா முதல்ல முடியாதுன்னாரு, பிறகு அப்பாவோட கொப்பிய காட்டுனேன். சனிக்கெழமை ரெண்டு பேரையும் கூட்டிட்டு போறேன். அன்னைக்கு காலையில டீத்தூள் டின்ன ஒளிச்சு வைக்கப் போறதா அம்மா சொல்லியிருக்காங்க.

நானுஓயா அக்கா · ஜூலை 11, காலை 6.05

தண்ணி குடிக்கலாம் தானே தம்பி? சித்தப்பாவுக்கு பிரஷரையும் பாத்துடுங்க.

கூதல்காத்து · ஜூலை 11, காலை 6.30

குடிக்கலாம் அக்கா. அதையும் பாக்குறேன்.